நான்கு கிலோபைட்டுக்கு எவ்வளவு நேரம்?

சுழலும் தட்டுகளைக் கொண்ட ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நான்கு கிலோபைட் அளவுள்ள ஒரு சிறு துண்டை வாசிக்கும்படி கணிப்பொறி கட்டளையிடும்போது, அந்தத் துண்டை உண்மையிலே வாசிப்பதற்குச் செலவாகும் காலத்தைப் போல ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு காலம், அது இருக்கும் இடத்தைச் சென்றடைவதற்கே செலவாகிவிடுகிறது. நிமிஷத்துக்கு 7,200 சுற்றுச் சுழலும் சாதாரண மேஜைக் கணிப்பொறி டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொண்டு, இந்தக் கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம்.

முதலிலே தேடல் காலம். வாசிக்கும் முனை ஒரு கரத்தின் நுனியில் இருக்கிறது. தட்டின் மேற்பரப்பிலோ நுண்ணிய வட்டத் தடங்கள் ஒன்றையொன்று சூழ்ந்து நெருக்கமாக அமைந்திருக்கின்றன. இருக்கும் தடத்திலிருந்து வேண்டிய தடத்துக்குக் கரம் பெயரும்போது, அது வேகம் பிடித்து, ஓடி, பின்பு வேகத்தைக் குறைத்து, இறுதியில் அதிர்வு அடங்கித் தடத்தின் மீது நிலைகொள்ள வேண்டியிருப்பதால், தூரம் இரட்டித்தால் காலமும் இரட்டிக்கும் என்று கொள்வதற்கில்லை; அடுத்த தடத்துக்கே போனாலும் நிலைகொள்ளும் காலத்தைக் கொடுத்தே தீரவேண்டும். இவ்வகை டிஸ்க்குக்குச் சராசரித் தேடல் காலம் 9 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது சுழற்சித் தாமதம். முனை உரிய தடத்தில் வந்து நின்றுவிட்டாலும், வேண்டிய துண்டு அந்தக் கணத்தில் தட்டின் எப்புறத்தில் இருக்கிறதோ யார் அறிவார்? முனைக்கு நேராக வந்துகொண்டிருக்கலாம். அப்போதுதான் கடந்து போயிருந்தால், அது முழுச் சுற்றுச் சுற்றி மீண்டும் வரும்வரை காத்திருக்கவும் நேரலாம். ஆகவே சராசரியாக அரைச் சுற்று என்று கொள்வதே நியாயம். விநாடிக்கு 120 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி. அதில் பாதி 4.17.

மூன்றாவது பரிமாற்றக் காலம். முனைக்கு அடியில் விநாடிக்கு 150 மெகாபைட் கடந்து செல்வதாக வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் 1.25 மெகாபைட் கடக்கும். நமது 4,096 பைட் அதிலே முந்நூற்றில் ஒரு பங்குதான். அதற்கு வேண்டிய காலம் 0.03 மில்லி விநாடிக்கும் சற்றுக் குறைவு.

கூட்டிப் பார்த்தால்,

9 + 4.17 + 0.03 = 13.2 மில்லி விநாடி.

விநாடிக்கு 76 கோரிக்கைகள். அவற்றால் கிடைப்பது சுமார் 310 கிலோபைட். விநாடிக்கு 150 மெகாபைட் என்ற வேகத்தை நம்பி வாங்கியவர் இந்த எண்ணைக் கண்டு திகைப்பார். ஆயினும் இயந்திரத்தில் பழுது எதுவுமில்லை.

இப்போது கோரிக்கையின் அளவை மட்டும் மாற்றுவோம். ஒரு மெகாபைட் கேட்டால், முதல் இரண்டு காலங்களும் அப்படியே இருக்க, பரிமாற்றம் மட்டும் 6.67 ஆகிறது, மொத்தம் 19.84 மில்லி விநாடி. அளவு சுமார் 250 மடங்கு பெருகியபோதும் காலம் ஒன்றரை மடங்குதான் ஆயிற்று. வேகமோ விநாடிக்கு 50 மெகாபைட்டாக உயர்ந்துவிட்டது. சுமார் 2 மெகாபைட் கேட்டாலோ, போய்ச் சேரும் காலமும் வாசிக்கும் காலமும் சமமாகி, டிஸ்க்கின் முழு வேகத்தில் சரிபாதி கிடைக்கும். எனக்கு இந்தக் கணக்கிலே மிகவும் முக்கியமாகப் படுவது இந்தச் சமநிலைப் புள்ளிதான். ஏனெனில் நிரல் எழுதுபவர் ஒவ்வொரு கோரிக்கையையும் எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்பதை இதுவே நிர்ணயிக்கிறது.

நூறு மெகாபைட் கோப்பு ஒன்று நான்கு கிலோபைட் துண்டுகளாகத் தட்டெங்கும் சிதறிக் கிடந்தால், ஏறத்தாழ 24,400 கோரிக்கைகளுக்கு 13.2 மில்லி விநாடி வீதம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதே கோப்பு ஒரே தொடராக அமைந்திருந்தால், தடத்துக்குத் தடம் மாறும் சிறு தாமதங்களையும் சேர்த்து ஒரு விநாடிக்குள் வாசித்து முடிந்துவிடும்.

இங்கே கண்டவை சராசரிகள் என்பதை மறக்கலாகாது. வெளித் தடங்கள் நீளமானவை. அவற்றில் துண்டுகள் அதிகம் அடங்குவதால், உட்புறத் தடங்களைவிட அங்கே பரிமாற்ற வேகம் கணிசமாகக் கூடும். பல கோரிக்கைகள் காத்திருக்கும்போது, டிஸ்க் அவற்றை வந்த வரிசையிலே எடுக்காமல் அருகிலிருப்பதை முதலில் எடுத்துத் தேடலையும் தாமதத்தையும் குறைத்துக்கொள்வதால், 76 என்ற எண் உயரவும் கூடும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறிய இடங்களிலிருந்து நான்கு கிலோபைட் வாசித்துச் சோதிக்கும் ஒருவருக்கு ஒவ்வொன்றும் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாகவே முடிந்துவந்தால், அவர் அளந்தது தட்டை அன்று; முன்பே வாசித்து நினைவகத்தில் வைத்திருந்த பிரதியைத்தான்.