முளைக்காத விதையும் ஒரு புகார்க் கடிதமும்

மாணவர்களே! கயத்தாற்றைச் சேர்ந்த ஒரு விவசாயி, புரட்டாசி மழையை நம்பிக் கரிசலில் உளுந்து விதைத்தார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால், பாதி நிலம் வெறுமையாகக் கிடக்கிறது. மானாவாரிப் பூமியில் மறுபடி விதைக்க ஈரம் இராது. அந்தப் பருவமே போயிற்று. விதை நிறுவனத்துக்கு, "உங்கள் விதை முளைக்கவில்லை" என்று எழுதுகிறார். "மழை போதவில்லை, ஆழமாக விதைத்திருப்பீர்கள்" என்று பதில் வருகிறது. இருவரில் யார் சொல்வது சரி?

முதலில் மண்ணையே கேட்கலாம். முளைக்காத இடத்தை மெல்லத் தோண்டிப் பாருங்கள். விதை உலர்ந்து அப்படியே இருந்தால் ஈரம் போதவில்லை. முளைவிட்டு மேலே வர முடியாமல் வளைந்து கிடந்தால், ஆழமோ மண் இறுக்கமோ காரணம். ஊறி அழுகியிருந்தால் விதையின் மேல் சந்தேகம் கொள்ளலாம். ஆனால் நீர் தேங்கினாலும் விதை அழுகும் என்பதை மறக்கக் கூடாது.

எனவே மண்ணையும் மழையையும் விலக்கிவிட்டு விதையை மட்டும் சோதிக்க வேண்டும். பையில் மிஞ்சிய விதையில், பொறுக்காமல் கலந்து, 400 விதைகளை எடுத்து, நூறு நூறாக ஈரத்துணியில் சுருட்டி வைக்கவேண்டும். உளுந்துக்கு ஏழாம் நாள் கணக்கெடுப்பார்கள். நல்ல வேரும் தண்டும் உடையவை மட்டுமே முளைத்தவை. ஊறாமல் கல்போல் இருப்பவை 'கடின விதைகள்'. அவை செத்தவை அல்ல. எனவே பயறு வகைகளில் அவற்றையும் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

நம் விவசாயிக்கு முளைத்தவை 176, கடின விதைகள் 12, ஆக 188 கிடைத்தன என்போம். அதாவது 47 சதவீதம். சான்று பெற்ற உளுந்து விதைக்குக் குறைந்த அளவு 75 சதவீதம்.

இது தற்செயலாக இருக்கலாமா? 75 சதவீத விதையில் 400-க்கு 300 முளைக்க வேண்டும். தற்செயலால் வரும் ஏற்ற இறக்கத்தின் அளவு √(400 × 0.75 × 0.25), அதாவது ஏறக்குறைய 9. இங்கே குறைவோ 112! ஆனால் பத்தே விதைகளை வைத்து ஐந்து முளைத்திருந்தால், நல்ல விதையிலும் அது நேரக்கூடியதே. 400 விதைகளை எண்ணுவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

"மிச்ச விதையை நீங்கள் சரியாக வைத்திருக்கவில்லை" என்றும் நிறுவனம் சொல்லலாம். அதனால் கடிதத்தில் குவியல் எண், ரசீது எண், விதைத்த நாள், மழை பெய்த நாள்கள், சோதனைக் கணக்கு எல்லாம் இருக்க வேண்டும். அதன் நகலோடு விதை ஆய்வாளருக்கும் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். 1968-ஆம் ஆண்டு விதை விதிகளில் பின்னர் சேர்க்கப்பட்ட 23-அ விதி, இத்தகைய புகாரின் பேரில் அட்டை, பை, மிச்ச விதை ஆகியவற்றை ஆய்வாளர் கைப்பற்றி, அதே குவியலின் மாதிரியை அரசு ஆய்வகத்துக்கு அனுப்ப வழிசெய்தது.

விதை முழுவதையும் விதைத்துவிட்டால்? ஆந்திர விவசாயிகள் தேசிய விதைக் கழகத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்குகளில் இக்கேள்வி எழுந்தது. விதை பழுதாக இருக்கும் என்று முன்கூட்டியே எண்ணி விவசாயி ஒரு பங்கை ஒதுக்கி வைப்பார் என எதிர்பார்க்க முடியாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறி, கழகத்தின் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

ஆயினும் ஒரு பிடி விதையையும் பை அட்டையையும் எடுத்து வைப்பது நல்லது. அடுத்த பருவத்தில் விதைக்கும் முன்பே ஈரத்துணிச் சோதனையைச் செய்துவிட்டால், கடிதமே தேவைப்படாமல் போகலாம்.