மொத்தம் டேலி ஆனால் போதுமா?

2020 அக்டோபர் 3, சனிக்கிழமை. பிரிட்டன் அரசின் கொரோனா டாஷ்போர்டு 12,872 புதிய தொற்றுகளைக் காட்டியது. மறுநாள் அதே திரையில் 22,961. ஒரே இரவில் நோய் அவ்வளவு பெருகிவிடவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை தொற்று உறுதியானவர்களில் 15,841 பேர் அன்றாடக் கணக்கில் ஏறாமலே விடுபட்டிருந்தார்கள். அந்தப் பாக்கியைச் சேர்த்ததால்தான் எண்ணிக்கை எகிறியது.

காரணம் மிகச் சாதாரணமானது. ஆய்வகங்கள் அனுப்பிய கோப்புகளை ‘பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து’ அமைப்பு பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான். ஒருவருடைய முடிவே பல வரிசைகளை எடுத்துக்கொண்டதால் ஒரு கோப்பில் சுமார் 1,400 பேர் மட்டுமே அடங்கினார்கள். மிச்சப் பெயர்கள் உள்ளே வரவில்லை. டாஷ்போர்டும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. நோயாளிகளுக்குத் தங்கள் முடிவு தெரிந்திருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடிக்கும் வேலை நாள்கணக்கில் தள்ளிப்போனது.

வந்த கோப்பில் எத்தனை வரிசை, ஏறியது எத்தனை என்று ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிப் பார்த்திருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும். டாஷ்போர்டை வெளியிடும் முன் டெஸ்டர்கள் கையில் வைத்திருக்கும் சரிபார்ப்புப் பட்டியலில் முதல் வரி இதுதான். ஆனால் எண்ணிக்கையும் மொத்தமும் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களைத்தான் அடுத்த வகைப் பிழை பிடிக்கும். அதை ஒரு கற்பனைக் கணக்கு வைத்துப் பார்க்கலாம்.

சில கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக்கடை. ஜூலை 14 அன்று பில்லிங் மென்பொருளில் 1,240 பில்கள், மொத்தம் ரூ.18,60,000. புதிதாகச் செய்த டாஷ்போர்டு 1,242 பில்கள், ரூ.18,61,500 என்று காட்டுகிறது. வித்தியாசம் ரூ.1,500, அதாவது 0.08 சதவீதம். “ரவுண்டிங்கில் வந்திருக்கும், விடுங்க சார்” என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்.

உண்மையில் அங்கே இரண்டு பெரிய பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கின்றன. 24 பில்களுக்கு வாடிக்கையாளர்கள் பாதியை ரொக்கமாகவும் பாதியை யுபிஐயிலும் கட்டியிருக்கிறார்கள். பணம் வரவான டேபிளில் இந்தப் பில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிசைகள். பில் டேபிளை அதோடு ஜாயின் செய்ததும், பில்லின் முழுத்தொகையும் இரண்டு முறை கூட்டப்பட்டு ரூ.37,500 அதிகமாகிவிட்டது. இன்னொரு பக்கம், அந்த மாதம் திறந்த புதுக் கிளையின் குறியீட்டைக் கிளைப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை. பட்டியலில் இல்லாத கிளையின் பில்களை ஜாயின் உதறிவிட்டது. அதில் போனவை 22 பில்கள், ரூ.36,000.

இதைப் பிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டாஷ்போர்டுக்குத் தரவு தரும் டேபிளில் இப்படிக் கேட்டால் போதும்:

```sql
SELECT COUNT(*), COUNT(DISTINCT bill_id), SUM(amount)
FROM sales_report
WHERE bill_date = '2025-07-14';
```

முதல் எண் 1,242, இரண்டாவது 1,218 என்று வரும். இரண்டுக்கும் இடையில் உள்ள 24 இரட்டிப்பான பில்கள். 1,218க்கும் மூலத்தின் 1,240க்கும் இடையில் உள்ள 22 காணாமல்போனவை. இங்கே பில் எண்ணைக் கொடுக்காமல் `bill_id` கொடுத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கிளையும் தன் பில் எண்ணை 1இலிருந்து தொடங்கினால், வேறு வேறு பில்கள் ஒன்றாக எண்ணப்பட்டுவிடும்.

அடுத்தது கிளைவாரியாகப் பிரித்துப் பார்ப்பது. இங்கே அனுபவசாலிகளே சறுக்குவதுண்டு. டாஷ்போர்டில் தெரியும் கிளைகளை ஒவ்வொன்றாக எடுத்து மூலத்தோடு ஒப்பிடுவார்கள். இல்லாத கிளை அந்தப் பட்டியலில் எப்படி வரும்? ஆகவே பட்டியல் எப்போதும் மூலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஒப்பிடும் கேள்வியை யார் எழுதுவது என்பதும் முக்கியம். டாஷ்போர்டைச் செய்தவரின் குறியீட்டையே நகலெடுத்து மூலத்தில் ஓட்டினால், அதே தவறான ஜாயின் அங்கேயும் ஓடி, இரண்டும் அச்சுப் பிசகாமல் பொருந்தும். ‘விற்பனை’ என்றால் என்ன என்ற வரையறையை மட்டும் வாங்கிக்கொண்டு, வேறொருவர் தனியாக எழுத வேண்டும். ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? திரும்பி வந்த சரக்கு எந்தத் தேதியில் கழியும், விற்ற நாளிலா, திரும்பிய நாளிலா? இதற்கெல்லாம் கணக்குப் பிரிவின் பதில் எழுத்தில் இருந்தால், வித்தியாசம் வரும்போது பிழையா கொள்கையா என்ற வாக்குவாதம் பெரும்பாலும் எழாது.

தேதி தனி வம்பு. பல சர்வர்கள் நேரத்தை யுடிசி கணக்கில் சேமிக்கின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை ஒன்பதுக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடும் கடையில் இந்தக் கோளாறு தலைகாட்டவே காட்டாது, ஏனென்றால் அந்த நேரம் முழுவதும் யுடிசியிலும் அதே தேதிதான். கடை ஆன்லைன் விற்பனை தொடங்கியதும் கதை மாறும். நள்ளிரவுக்குப் பின், காலை ஐந்தரை மணிக்குள் வரும் ஆர்டர்கள் முந்தைய நாள் கணக்கில் போய் விழும். ஜூலை 1 அதிகாலை இரண்டு மணிக்கு வந்த ஆர்டர் ஜூன் மாத விற்பனையாகிவிடும். அதனால் சோதனைக்கு ஏதோ ஒரு நடுநாளைத் தேர்ந்தெடுக்காமல், மாதத்தின் கடைசி இரவையும் முதல் அதிகாலையையும் எடுப்பது நல்லது. அதுவும் கணக்கு முடிந்துபோன மாதமாக இருக்க வேண்டும். பில் போட்டுக்கொண்டே இருக்கும் இன்றைய நாளை, ஒரு மணி நேரத்துக்கு முன் புதுப்பித்த டாஷ்போர்டோடு ஒப்பிட்டால் எண்கள் மாறித்தான் இருக்கும்.

டேபிள் சரியாக இருந்தாலும் திரை தவறலாம். டெஸ்டர் நிர்வாகி கணக்கில் உள்ளே போவதால் அவருக்கு எல்லாக் கிளைகளும் தெரியும். கிளை மேலாளருக்குத் தன் கிளை மட்டும் தெரிய வேண்டும். அவருடைய அனுமதியோடு நுழைந்து, திறந்தவுடன் எந்த ஃபில்டர் தானாகப் போடப்பட்டிருக்கிறது என்று பார்த்து, ஓர் எண்ணை எடுத்து அசல் பில் வரை இறங்கிப் பார்த்தால்தான் இந்தப் பகுதி முடியும்.

எவ்வளவு வித்தியாசத்தை ஏற்கலாம்? சதவீதத்தில் சலுகை கொடுத்தால் மேலே கண்ட 0.08 கதைதான் நடக்கும். பில் எண்ணிக்கையில் வித்தியாசம் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். தொகையில் மட்டும், ஒவ்வொரு பில்லையும் ரூபாய்க்கு ரவுண்ட் செய்வதால் வரும் பைசா வித்தியாசத்தை விடலாம். அதன் உச்சவரம்பைக் கணக்கிட்டே சொல்லிவிட முடியும்: பில்லுக்கு அதிகபட்சம் 50 பைசா, 1,240 பில்லுக்கு 620 ரூபாய். நம் கடையின் 1,500 ரூபாய் அதைத் தாண்டியிருந்தது.

இத்தனை சோதனையும் மூலத்தில் உள்ளது திரைக்கு வந்ததா என்பதை மட்டுமே சொல்லும். காசாளர் 2,500க்குப் பதில் 25,000 என்று அடித்திருந்தால், அந்த 25,000 எல்லாச் சோதனையையும் தாண்டித் திரைக்கு வந்துவிடும். அதைப் பிடிப்பது மூலத்தின் வேலை.

புதுக் கிளை போன்ற பிழைகள் வெளியீட்டுக்கு ஆறு மாதம் கழித்தும் வரலாம் என்பதால், பல குழுக்கள் இதே ஒப்பீட்டைத் தினசரி இரவு தரவு ஏறியவுடன் தானாக ஓடவிடுகின்றன. எண்ணிக்கை இடித்தால் புதுத் தரவு திரைக்குப் போகாது. நேற்றைய எண்கள் நேற்றைய தேதியோடு அப்படியே நிற்கும், பொறுப்பாளருக்கு எந்தக் கிளையில் எத்தனை பில் குறைகிறது என்ற செய்தி போகும்.