‘இதை கன்வர்ட் பண்ணிக் கொடுங்க’: பாமினியிலிருந்து யூனிகோடுக்கு

ஒரகடம் பக்கத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. புதிதாகச் சேர்ந்த பாதுகாப்பு அலுவலருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே ‘இதை கன்வர்ட் பண்ணிக் கொடுங்க’ என்ற ஒரே வரி. மேலே இருப்பது இதுதான்:

```
jiyf;ftrk; mzpaTk;
ntspNaWk; top
ESI ml;il
```

வைரஸும் இல்லை, கோப்பும் கெடவில்லை. இது தமிழ்தான். ‘தலைக்கவசம் அணியவும், வெளியேறும் வழி, ESI அட்டை’ என்று அடித்தவருக்கு அது தமிழாகவே தெரிந்தது. அவர் கணினியில் பாமினி என்ற எழுத்துரு இருந்தது, உங்கள் கைப்பேசியில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

யூனிகோடு பரவாத காலத்தில் எழுத்துரு செய்தவர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். ஆங்கில `j` இருக்கும் இடத்தில் ‘த’ வடிவத்தை வரைந்து வைத்தார்கள். `k` இருக்கும் இடத்தில் ‘ம’. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. வாட்ஸ்அப் எழுத்துருவைக் கொண்டுவராது, எழுத்தை மட்டும் கொண்டுவரும். அதனால்தான் உள்ளே இருந்தது அப்படியே வெளியே வந்து நிற்கிறது.

இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட கோப்புகள் இன்னும் கிடைப்பதில் வியப்பில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியபோது தமிழ்க் கணினிக்கு ஆளுக்கொரு எழுத்துரு. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளைத் தரமாக்கியது. யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010 ஜூனில். ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறந்து மூன்று மாதம் கழித்து. தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் அறிவிப்புகள் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 108ஆம் பிரிவில் சொன்னது. ஆக, எல்லா ஆலைகளுக்கும் தமிழ் அறிவிப்பு தேவைப்பட்டது. அதை டி.டி.பி. கடையில் அடித்து வாங்கினார்கள். பேஜ்மேக்கருக்கு யூனிகோடுத் தமிழைக் கோக்கத் தெரியாது என்பதால் கடைக்காரர் பழைய எழுத்துருவை விடவில்லை. அந்தக் கோப்புதான் ஆலைக்கு ஆலை நகலாகிக்கொண்டிருக்கிறது.

முதல் வேலை, எந்த எழுத்துரு என்று கண்டுபிடிப்பது. ‘தமிழ்’ என்ற சொல்லைத் தேடினால் போதும். `jkpo;` என்றிருந்தால் பாமினி. `jäœ` என்றிருந்தால் அரசு அலுவலகங்களில் புழங்கிய வானவில் வகை. `¾Á¢ú` என்றிருந்தால் திஸ்கி. அந்தச் சொல்லே இல்லாவிட்டாலும் பாமினியை அடையாளம் காண்பது எளிது: புள்ளிக்கு அரைப்புள்ளி விசை என்பதால் வரியெங்கும் `;` இறைந்து கிடக்கும், மேலே குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகள் அநேகமாக இருக்காது. இதைத் தவறாகக் கணித்துவிட்டால் மாற்றியில் எதைப் போட்டாலும் குப்பைதான் வரும். அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும் என்பதால் அதில் ஆபத்து இல்லை. ஏறக்குறையச் சரியாக வருவதில்தான் ஆபத்து.

இரண்டாவது வரியைப் பாருங்கள்: `ntspNaWk; top`. பாமினியில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையில், மெய்க்கு முன்னால் வரும். `n` கொம்பு, `t` வ, `s` ள, `p` இகரக் குறி. யூனிகோடில் வ முதலில், கொம்பு பிறகு. எனவே மாற்றி ஒவ்வொரு எழுத்தாகப் பெயர்த்தால் போதாது, இடமும் மாற்ற வேண்டும். நல்ல மாற்றிகள் இதற்காக நீண்ட கோவைகளை முதலில் பார்க்கின்றன: `nfh` கண்டால் கொ, அது இல்லாவிட்டால்தான் `nf` கெ.

சிக்கல் ஔகாரத்தில் இருக்கிறது. பாமினியில் ‘வௌ’ என்று எழுத ஒரே வழி கொம்பு, வ, ள: `nts`. ‘வெள’ என்று எழுதவும் அதே `nts`தான். நீண்ட கோவையை முதலில் பார்க்கும் மாற்றி `nts` கண்டதும் ‘வௌ’ என்று முடிவு செய்துவிடும். மிச்சமிருக்கும் இகரக் குறி அதன் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும். விளைவு, ‘வௌியேறும் வழி’. பல திரைகளில் இது ‘வெளியேறும்’ போலவே தெரியும், படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். ஆனால் கோப்பில் ‘வெளி’ என்று தேடினால் கிடைக்காது, சில எழுத்துருக்களில் நடுவே புள்ளிவட்டம் முளைக்கும். இணையத்தில் ‘வௌியீடு’, ‘தௌிவு’ என்று கிடக்கும் ஆயிரம் பிழைகளுக்கும் பிறப்பிடம் பெரும்பாலும் இதுதான்.

இதைப் பிடிக்க ஒரு விதி உண்டு. ஔகாரக் குறிக்கு அடுத்து இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ தமிழில் வரவே வராது. வந்தால் அது ‘ெ’யும் ‘ள’வும்தான். பைத்தான் தெரிந்தவருக்கு மூன்று வரி வேலை:

```
import re, unicodedata
t = unicodedata.normalize("NFC", t)
t = re.sub("\u0bcc(?=[\u0bbe-\u0bcd])", "\u0bc6\u0bb3", t)
```

நடுவில் உள்ள வரி வேறொரு கோளாறைச் சரிசெய்கிறது. சில மாற்றிகள் ‘கொ’வை ஒற்றைக் குறியாகத் தராமல் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக வைத்துவிடும். பார்த்தால் வேறுபாடே தெரியாது, தேடும்போது மட்டும் காலை வாரும். அந்த வரி இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

ஆனால் ளகரத்தின்மேல் குறி எதுவும் இல்லாத இடத்தில் இந்த விதி உதவாது. `nfsutk;` என்பது ‘கௌரவம்’ என்று சரியாக வரும். ‘வெள்ளம்’ போன்ற சொல்லில் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில், ‘தெளந்த’ போலத் தட்டச்சுப் பிழையோடு வந்த சொல்லை மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மாற்றி முடித்த கோப்பில் ‘ௌ’வை மட்டும் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது நல்லது. தமிழில் ஔகாரச் சொற்கள் குறைவு, அதனால் பெரிய வேலை இல்லை.

வாட்ஸ்அப் செய்தியின் மூன்றாவது வரி வேறு வகை. பாமினியில் `E` என்றால் நு, `S` என்றால் ளு, `I` என்றால் ஐ. மாற்றிக்கு எது ஆங்கிலம் என்று தெரியாதல்லவா? `ESI ml;il` என்பது ‘நுளுஐ அட்டை’ ஆகும். `OT` என்பது ‘ழுவு’ ஆகும். சம்பளப் பட்டியல் விளக்கத்தில் இப்படி வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம், ரசாயனத்தின் பெயரோ இயந்திரத்தின் மாடல் எண்ணோ இப்படி ஆனால் சிரிக்க முடியாது. இதற்குத் தீர்வு, வாட்ஸ்அப் வரியை விட்டுவிட்டு மூல வேர்டு கோப்பைக் கேட்டு வாங்குவது. அதில் எந்தச் சொல் பாமினி, எந்தச் சொல் ஏரியல் என்ற விவரம் இருக்கும். என்எச்எம் கன்வர்ட்டரோ வேறு எதுவோ, பாமினியில் இருக்கும் பகுதியை மட்டும் கொடுத்து மாற்றி வாங்கலாம். மூலக் கோப்பு கிடைக்காவிட்டால், மாற்றுவதற்கு முன் ஆங்கிலச் சொற்களைத் தனியே குறித்துக்கொண்டு, மாற்றிய பிறகு கையால் திரும்பப் போட வேண்டியதுதான். நிறுத்தக்குறியிலும் ஒரு சிக்கல் உண்டு: பாமினியில் காற்புள்ளி `>` விசையில் இருக்கிறது, ஆங்கிலக் காற்புள்ளி `,` ‘இ’ ஆகிவிடும்.

மாற்றிய கோப்பை ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பினால் கடைக்காரர் ‘பாமினியில கொடுங்க சார்’ என்று திருப்பிக் கேட்கக்கூடும். அவரிடம் இருக்கும் பழைய கோரல்டிராவில் யூனிகோடு சிதறும். அதற்காக மறுபடி பின்னோக்கி மாற்ற வேண்டாம். எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஆக்கி அனுப்பி, அச்சுக்கு முன் ஒரு மாதிரி கேட்டு, அதில் ‘வெளியேறும்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.