'டக்' என்பதோடு நின்றுவிடும் செல்ஃப்

செல்ஃப் பட்டனை அழுத்தினால் சீட்டுக்கு அடியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. கிக்கரை உதைத்தால் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பேட்டரி போச்சு." பல நேரம் அது உண்மைதான். உண்மையாக இல்லாதபோது, காசு கொடுத்துப் புது பேட்டரி போட்ட பிறகும் அதே 'டக்' கேட்கும்.

அந்தச் சத்தம் ரிலேயினுடையது. பட்டன் வழியாகப் போகும் சிறு மின்சாரம் ரிலேக்குள் உள்ள கம்பிச்சுருளைக் காந்தமாக்குகிறது. காந்தம் ஒரு இரும்புத் தண்டை இழுக்க, அதோடு சேர்ந்து நகரும் செம்புத் தகடு இரண்டு தடித்த முனைகளை இணைக்கிறது. பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் போவது இந்தத் தடித்த வழியாகத்தான். அதுவும் பத்துக்கணக்கான ஆம்பியரில். ஆகவே 'டக்' கேட்டால், பட்டனும் கிளட்ச் சுவிட்சும் ரிலேயின் சுருளும் ஏதோ ஒரு அளவுக்காவது வேலை செய்கின்றன. சத்தமே இல்லாவிட்டால் அது வேறு கதை; ஃபியூஸிலிருந்து தேட வேண்டும்.

கிக்கரில் ஓடுவதற்குக் காரணம், அங்கே இன்ஜினைச் சுற்றுவது உங்கள் கால். பிளக்கில் பொறி வர மிகக் குறைந்த மின்சாரம் போதும். பழைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் அதுகூட மேக்னட்டிலிருந்தே வந்துவிடும். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்புக்கு பேட்டரி வேண்டும். எனவே அதில் கிக்கர் எடுத்தால் பேட்டரி அடியோடு சாகவில்லை என்று அர்த்தம். மோட்டாரைச் சுற்றும் தெம்பு அதற்கு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'டக்டக்டக்டக்' என்று வேகமாக அடித்தால் பேட்டரியையோ அதன் டெர்மினலையோ சந்தேகிக்கலாம். ரிலே சேர்ந்ததும் மோட்டார் மின்சாரத்தை இழுக்கிறது, வோல்டேஜ் சரிகிறது, காந்தம் தகட்டை விட்டுவிடுகிறது. சுமை போனதும் வோல்டேஜ் ஏறி மறுபடி சேர்கிறது. மீட்டர் போர்டில் பச்சை நியூட்ரல் விளக்கும் கூடவே மங்கி மங்கி எரியும். ஹெட்லைட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல வண்டிகளில் அது இன்ஜின் ஓடினால்தான் எரியும். ஒரே ஒரு அழுத்தமான 'டக்', விளக்கும் மங்கவில்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை.

அப்படித்தான் ஒரு 125 சிசி வண்டி பட்டறைக்கு வந்தது. "அண்ணே, பேட்டரி போன வாரம்தான் மாத்துனேன்" என்றார் வண்டிக்காரர். "இருக்கட்டும் தம்பி, அழுத்துங்க பாப்போம்" என்ற மெக்கானிக், மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து பேட்டரியின் ஈய முனைகளிலேயே தொட்டார். சும்மா இருக்கையில் 12.7. பட்டனை அழுத்தியபோது 12.4. மோட்டார் உண்மையிலேயே இழுத்திருந்தால் அது 11க்குப் பக்கமாவது இறங்கியிருக்கும். 9.5க்கும் கீழே விழுந்திருந்தால் பேட்டரியைத்தான் குற்றம் சொல்லியிருப்பார். பிறகு மீட்டரின் இரு முனைகளையும் ரிலேயின் தடித்த இரு முனைகளில் வைத்தார். பட்டனை அழுத்தாதபோது 12.7 காட்டியது, மோட்டாருக்குள் வழி அறுபடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அழுத்தியதும் அது அரை வோல்ட்டுக்கும் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை, 12.4லேயே நின்றது. தகடு இழுபடுகிறது, ஆனால் இணைக்கவில்லை.

உறுதி செய்ய வண்டியை நியூட்ரலில் போட்டு, பிளாஸ்டிக் பிடியுள்ள பழைய ஸ்க்ரூடிரைவரால் அந்த இரு முனைகளையும் ஒரு கணம் சேர்த்தார். பொறி பறந்தது, மோட்டார் சுற்றியது. பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் இதைச் செய்யவே கூடாது. கியரில் இருந்தால் வண்டி பாய்ந்துவிடும். ரிலேயை உடைத்துப் பார்த்தால் செம்பு முனைகள் கருகிக் குழி விழுந்திருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சில நாள் ஓடும். புதிதாக மாற்றுவதே நல்லது, பேட்டரியைவிட விலை குறைவு.

பட்டனும் இதே வேஷம் போடும். மழைத்தண்ணீர் இறங்கிப் பாசி பிடித்த பட்டன் சுருளுக்கு ஏழெட்டு வோல்ட்தான் அனுப்பும்; 'டக்' நோஞ்சானாகக் கேட்கும். பட்டனை அழுத்தியபடி ரிலேயின் சுருளுக்குப் போகும் மெல்லிய வயர்கள் இரண்டுக்கும் இடையே மீட்டரை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பேட்டரி வோல்டேஜுக்கு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

ஸ்க்ரூடிரைவரால் சேர்த்தும் சுற்றவில்லை, பேட்டரியும் டெர்மினலும் எர்த் வயரும் நன்றாக இருக்கின்றன என்றால் மோட்டாரைக் கழற்ற வேண்டியதுதான். பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டார் உடம்பில் ஸ்பேனரால் லேசாகத் தட்டிக்கொண்டே பட்டனை அழுத்தும்போது சுற்றினால், சந்தேகமே வேண்டாம், பிரஷ்தான்.