நண்பரின் நண்பர் எந்த வட்டத்தில்?

நட்பு வட்டம் என்பதை யூனியன்-ஃபைண்ட் மிகத் தாராளமாகவே எடுத்துக்கொள்கிறது. நண்பரின் நண்பரும் அதே வட்டம்தான், நேரில் பார்த்திராவிட்டாலும். இரண்டு பேர் ஒரே வட்டமா என்று கேட்டால் நட்புப் பட்டியல் முழுவதையும் துழாவாமல் பதில் சொல்வது இதன் வேலை. பெர்னார்ட் கேலரும் மைக்கேல் ஃபிஷரும் 1964-இல் இதை வெளியிட்டார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு எண்ணைத்தான் குறித்து வைக்க வேண்டும்: தனக்கு மேலே இருப்பவர் யார் என்பது. மேலே யாரும் இல்லாதவர் தன் எண்ணையே வைத்திருப்பார். அவர்தான் வட்டத்தின் வேர். இரண்டு பேரின் வேர் ஒன்றானால் வட்டமும் ஒன்று.

ஆறு பேர் இருக்கிறார்கள். தொடக்கத்தில் ஆளுக்கொரு வட்டம். 1-2, 2-3, 4-5, 3-4 என்று நட்புகள் வருகின்றன. ஒவ்வொரு முறையும் முதலாமவரின் வேரை இரண்டாமவரின் வேருக்குக் கீழே சேர்க்கிறோம். 1 போய் 2-இன் கீழும், 2 போய் 3-இன் கீழும், 4 போய் 5-இன் கீழும் சேரும். கடைசியில் 3-4 வரும்போது 4-இன் வேர் 5 என்பதால், 3 நேராக 5-இன் கீழ் போகும். 6 தனியாகவே நிற்கிறது. ஆக, இரண்டு வட்டங்கள்.

இப்போது 1-இன் வேரைத் தேடினால் 2, 3, 5 என்று மூன்று படி ஏற வேண்டும். ஆயிரக்கணக்கானோர் இப்படி ஒரே சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் ஒவ்வொரு தேடலும் இழுத்துக்கொண்டே போகும். பாதைச் சுருக்கம் இதற்குத்தான். ஒருமுறை ஏறிப் போய் வேரைக் கண்டதும், வழியில் பார்த்த எல்லோரையும் அந்த வேருக்கே நேராகத் திருப்பிவிடுகிறது.

```python
def find(x):
    if parent[x] != x:
        parent[x] = find(parent[x])
    return parent[x]
```

நடு வரிதான் சூட்சுமம். `find(1)` முடிந்ததும் 1, 2, 3 மூன்றும் 5-ஐயே காட்டும். அடுத்த முறை ஒரே படி. இதோடு சிறிய வட்டத்தைப் பெரியதன் கீழ் சேர்க்கும் வழக்கத்தையும் கடைப்பிடித்தால், ஒரு செயலுக்கான சராசரிச் செலவு நடைமுறையில் மாறிலி போலவே இருக்கும் என்று 1975-இல் ராபர்ட் டார்ஜன் காட்டினார்.

புதிதாக எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இணைக்கும் இடத்தில். 1-6 நட்பு வந்ததும் `parent[1] = 6` என்று எழுதிவிடுவார்கள். 1 மட்டும் பிய்ந்து 6-இடம் போய்விடும். அதன் நண்பர் 2 பழைய வட்டத்திலேயே நிற்கும். எழுத வேண்டியது `parent[find(1)] = find(6)`. பிழையைப் பிடிக்க ஒரு வழி உண்டு: 6-இல் தொடங்கி, வேர்கள் வேறுபட்ட ஒவ்வொரு இணைப்புக்கும் ஒன்றைக் கழித்து வந்தால் ஐந்தாவது நட்போடு 1 மிஞ்சும். ஆனால் தன்னையே காட்டும் எண்களை எண்ணினால் 5, 6 என இரண்டு இருக்கும். கணக்கு உதைக்கிறதல்லவா?

நட்பு முறிந்தால் மட்டும் இந்த அமைப்பு கைவிரித்துவிடும். யார் யாரோடு நேரடி நண்பர் என்பதை அது வைத்துக்கொள்வதே இல்லை. 3-4 நட்பை எடுத்துவிட, மிச்ச நட்புகளைக் கொண்டு முதலிலிருந்து மறுபடி கட்ட வேண்டியதுதான்.