மிளகாய் நெடியா, ஆஸ்துமாவா?

காந்தி மார்க்கெட் மளிகை மண்டி ஒன்றில் கணக்கு எழுதும் வாசகர் கேட்கிறார்: "ராத்திரி லோடு இறங்கும்போது லாரிப் புகையும் வற்றல் நெடியும் சேர்ந்து இருமல் நிற்பதே இல்லை. மூச்சும் முட்டுகிறது. இது ஆஸ்துமாதானா சார்?"

எங்கள் வீட்டில் மிளகாய் தாளித்தால் கூடத்தில் இருப்பவர்களும் இருமுவார்கள். அவர்களுக்கு நோய் ஒன்றும் இல்லை. மிளகாயிலுள்ள கேப்சைசின், நாக்கில் காரத்தை உணர்த்தும் அதே உணர்வியை மூச்சுப்பாதை நரம்புகளிலும் தூண்டுகிறது. புகையிலுள்ள அக்ரோலின் வேறோர் உணர்வியைத் தூண்டும். இரண்டின் விளைவும் இருமல்தான். கண் எரியும், மூக்கு ஒழுகும், நல்ல காற்றுக்கு வந்தால் சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, உட்சுவரும் வீங்குகிறது. மூச்சை வெளியே விடுவதுதான் பெரும்பாடு, விடும்போது விசில் சத்தம் கேட்கும். புகையை விட்டு விலகி வீட்டுக்கு வந்த பிறகும் நீடிக்கும், தூக்கத்திலிருந்து எழுப்பும். "இரவில் இருமுகிறதா?" என்று மருத்துவர் கேட்பது இதற்காகத்தான். ஆனால் இரவெல்லாம் மார்க்கெட்டில் விழித்திருப்பவர் அதற்கு "ஆமாம்" என்று சொன்னால் குழப்பமே மிஞ்சும். பகலில் தூங்கும்போது இருமல் எழுப்புகிறதா, விடுமுறையில் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

இதை எண்ணாகவே காட்ட ஒரு கருவி உண்டு: பீக் ஃப்ளோ மீட்டர். ஒரு சாண் நீளக் குழாய், மின்சாரம் வேண்டாம். நின்றுகொண்டு மூச்சை நிறைய இழுத்து, வாயில் வைத்து ஒரே மூச்சில் முழு வேகத்தோடு ஊத வேண்டும். முள் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும். மூன்று முறை ஊதி, அதிகமானதைக் குறிக்க வேண்டும். எழுந்ததும் 300, மாலையில் 400 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 100, சராசரி 350, ஆக ஏறத்தாழ 29 சதவீத ஏற்ற இறக்கம். இரண்டு வாரச் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினால் பெரியவர்களுக்கு ஆஸ்துமா சந்தேகம் வலுக்கிறது. வேலை நாளில் குறைந்து விடுமுறையில் ஏறினால், வேலையிடத்தின் பங்கும் தெரிந்துவிடும். வெறும் எரிச்சலில் எண் பெரிதாக அசைவதில்லை. ஆனால் நன்றாக இருக்கும் நாளில் ஊதி எண் சரியாக வந்துவிட்டதே என்று ஆஸ்துமாவை ஒதுக்கிவிட முடியாது. நாற்பதைத் தாண்டிய பீடிப் பழக்கக்காரருக்கு வேறு நுரையீரல் நோயும் இருக்கலாம், அதற்கு ஸ்பைரோமெட்ரி வேண்டும்.

வருத்தம் என்னவென்றால், நம்மவர்கள் மாதக்கணக்கில் இருமல் டானிக் குடிக்கிறார்களே தவிர, இன்ஹேலர் என்றால் "பழகிவிடும்" என்று பயப்படுகிறார்கள். அது பழக்கமாகும் மருந்தல்ல. டானிக்கோ இறுகிய குழாயைத் திறக்காது. குறித்த எண்களோடு புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எதையும் ஊதிப் பார்த்துக்கொண்டிராமல் உடனே 108ஐ அழையுங்கள்.