கட்டடம் தேயும், மனை தேயாது

ஜவுளி வியாபாரி ஒருவர் கடை வைப்பதற்காக, கட்டடத்தோடு கூடிய மனை ஒன்றை ஒரு கோடி ரூபாய்க்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக் கட்டடத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். அப்படியானால் முதல் ஆண்டு லாபத்தில் 10 லட்சம் கழியும் என்பது அவர் கணக்கு. ஆடிட்டரோ 4 லட்சம்தான் கழிக்க முடியும் என்கிறார். அந்த ஒரு கோடியில் 60 லட்சம் மனைக்கானது, கட்டடத்தின் விலை 40 லட்சம்தான் என்பதே காரணம்.

மனை விலை ஏறிக்கொண்டே போகிறது, அதனால்தான் அதற்குத் தேய்மானம் இல்லை என்று பலரும் சொல்வார்கள். அது சரியான விளக்கம் அல்ல. ஊருக்கு வெளியே புறவழிச்சாலை வந்து, மனையின் விலை பாதியாகச் சரிந்தாலும் தேய்மானம் கிடைக்காது. கட்டடத்தின் விலை இரண்டு மடங்கானாலும் அதற்கான தேய்மானம் நிற்காது. சந்தை விலைக்கும் தேய்மானத்துக்கும் சம்பந்தமில்லை.

தேய்மானம் என்பது, போட்ட பணத்தைப் பல ஆண்டுகளுக்குப் பங்கிட்டுச் செலவெழுதும் முறை. கடை நடக்க நடக்க, கூரை ஒழுகும், சுவர் விரிசல் விடும், கம்பி துருப்பிடிக்கும். ஒரு நாள் அந்தக் கட்டடத்தை இடித்தே ஆகவேண்டும். அதுவரை சம்பாதித்த ஒவ்வொரு ஆண்டின் லாபத்திலும் கட்டடத்தின் ஒரு பகுதி கரைந்திருக்கிறது. அதைக் கழித்தால்தான் உண்மையான லாபம் தெரியும். மனைக்கு இப்படி ஓர் ஆயுள் முடிவு இல்லை. கட்டடத்தை இடித்த மறுநாளும் அதே 60 லட்ச ரூபாய் மனை அங்கேயே இருக்கும். கரையாத ஒன்றை எத்தனை ஆண்டுகளுக்குப் பங்கிடுவது?

இந்த வாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆல்ப்ஸ் தியேட்டர் என்ற திரையரங்கின் வழக்கில், கட்டடம் என்றால் அது நிற்கும் இடமும் சேர்ந்ததுதானே என்பது கேள்வி. உயர் நீதிமன்றம் திரையரங்கின் பக்கம் நின்றது. 1967-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சட்டத்தில் அந்தச் சொல் பழுதுபார்த்தல், இடித்தல் போன்றவற்றோடு சேர்ந்தே வருகிறது, அவையெல்லாம் கட்டுமானத்துக்குத்தான் பொருந்தும், நிலத்துக்கு அல்ல என்பது அதன் வாதம். அதே சமயம், தேய்மான அட்டவணையில் சாலை, பாலம், கிணறு, ஆழ்துளைக் கிணறு ஆகியவையும் ‘கட்டடம்’ என்ற தலைப்பில்தான் வருகின்றன. ஆலை வளாகத்துக்குள் போட்ட சாலை தேயும். அதன் அடியில் இருக்கும் மண் தேயாது.

நடைமுறையில் சிக்கல் எழுவது விலையைப் பிரிப்பதில்தான். கிரயப் பத்திரத்தில் பெரும்பாலும் மொத்தத் தொகை ஒன்றுதான் இருக்கும். வழிகாட்டி மதிப்பு, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகியவற்றைக் கொண்டு மனைக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். பத்திரச் செலவையும் அதே விகிதத்தில் பிரிப்பார்கள். இடிந்து விழும் நிலையில் உள்ள கட்டடத்துக்கு 70 லட்சமும், கடைவீதி மனைக்கு 30 லட்சமும் எழுதினால், அதிகாரியின் கண்ணில் முதலில் படுவது அதுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தொழிலுக்குப் பயன்படும் கட்டடத்துக்கு மட்டுமே இந்தச் சலுகை. குடியிருக்கும் சொந்த வீட்டுக்குக் கிடையாது.

அப்படியானால் மனைக்குப் போட்ட 60 லட்சம் வீண்தானா? இல்லை. விற்கும் நாள் வரை அது காத்திருக்கிறது. நம் வியாபாரி மூன்று ஆண்டுகள் தேய்மானம் கழிக்கிறார். ஒவ்வொரு ஆண்டும் மீதியில் 10 சதவீதம் என்பதால் 4 லட்சம், 3.60 லட்சம், 3.24 லட்சம் கழிந்து, கட்டடத்தின் கணக்கு மதிப்பு 29.16 லட்சமாகிறது. நான்காம் ஆண்டில் எல்லாவற்றையும் 1.30 கோடிக்கு விற்கிறார். அதில் மனைக்கு 95 லட்சம், கட்டடத்துக்கு 35 லட்சம். மனையில், வாங்கிய 60 லட்சம் முழுவதையும் கழித்து, 35 லட்சத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி. அவரிடம் இருந்தது இந்த ஒரு கட்டடம்தான் என்றால், அதில் 5.84 லட்சம் குறுகியகால ஆதாயமாக வரிக்கு வருகிறது.

40 லட்சத்துக்கு வாங்கியது 35 லட்சத்துக்கு விற்றால் ஆதாயம் எங்கிருந்து வந்தது? கட்டடத்தில் உண்மையில் குறைந்தது 5 லட்சம். அவர் கழித்ததோ 10.84 லட்சம். அதிகமாகக் கழித்ததை வரித்துறை விற்பனையின்போது திரும்ப எடுத்துக்கொள்கிறது. தேய்மானம் ஒரு மதிப்பீடு, விற்பனையில் அது சரிசெய்யப்படுகிறது. மனையில் மதிப்பீடு எதுவும் செய்யாததால், திருத்தவும் ஒன்றுமில்லை. அதனால் கடை வாங்குபவர், மனைக்குப் போகும் பணத்துக்கு ஆண்டுதோறும் வரிக் கழிவு வராது என்பதை மனதில் வைத்தே விலை பேச வேண்டும்.